சட்டவாட்சி: வடிவமா, உள்ளடக்கமா? இரண்டு இலங்கை வழக்குகளை வைத்து ஒரு சட்டவியல் ஒப்படை எழுதும் முறை

"சட்டவாட்சி என்பது நல்ல சட்டத்தின் ஆட்சி அல்ல. ஆராய்க." சட்டவியல் பாடத்தில் இந்த மாதிரிக் கேள்வியை எல்லோரும் ஒரு தடவையாவது சந்திப்பார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு தொலைக்கல்வியில் சட்டமாணி படிக்கும் பிள்ளைகளின் ஒப்படைகளைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. டைசி 1885இல் என்ன சொன்னார் என்று ஒரு பந்தி. லோன் புல்லரின் எட்டு, ஜோசப் ராஸின் எட்டு, டொம் பிங்ஹமின் எட்டு என்று மூன்று பட்டியல். அப்புறம் ஜெர்மனியின் நாசி ஆட்சி. முடிவில் "ஆகவே வடிவம், உள்ளடக்கம் இரண்டும் அவசியம்."

இப்படி எழுதினால் சித்தியடையலாம், ஆனால் விவாதம் நடந்திருக்காது. அதை நடத்திக் காட்ட மூன்று பட்டியல்கள் தேவையில்லை. பொருத்தமான இரண்டு வழக்குகள் போதும், அவை இரண்டும் நம் நாட்டிலேயே இருக்கின்றன. ஒன்று 1962 சதி முயற்சியை அடுத்து வந்த லியனகே வழக்கு. மற்றது மலையகத் தமிழரின் பிரசாவுரிமை தொடர்பான கொடக்கன்பிள்ளை வழக்கு. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் வைத்து ஒரு ஒப்படையைக் கட்டும் முறையைச் சொல்கிறது.

முதல் வேலை: சண்டை எதைப் பற்றியது என்று தெளிவாக்குங்கள்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய கண் உள்ள வலையோடு கடலுக்குப் போனால் தண்டம், வலையும் பறிமுதல் என்று அது சொல்கிறது. எழுதியிருப்பது சிங்களத்தில் மட்டும். அமுலுக்கு வரும் திகதி போன மாதத்துக்கு உரியது. கண் அளவை எப்படி அளப்பது என்று எங்கும் இல்லை. ஒரு பரிசோதகர் பிடிக்கிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். வலையை இழந்தவருக்கு முறையிட இடமில்லை.

சட்டம் எப்படி ஆக்கப்பட்டு நடைமுறையாகிறது என்பதை மட்டும் பார்க்கும் வடிவம்சார் பார்வை கொண்டவருக்கு இங்கே குறை சொல்ல நிறையவே இருக்கிறது. சட்டம் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடப்படவில்லை, நடந்து முடிந்ததைப் பிடிக்கிறது, தெளிவில்லை, எழுதியபடி நடைமுறையாகவில்லை, நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. ராஸும் புல்லரும் இவற்றைத்தான் எண்ணிச் சொன்னார்கள். அந்தப் பட்டியல்களை ஒப்படையில் முழுவதும் எழுத வேண்டியதில்லை. இந்த ஐந்தும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதுதான் முக்கியம். ராஸ் 1977இல் எழுதிய கட்டுரையின் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: சட்டம் மனிதரின் நடத்தைக்கு வழிகாட்ட வேண்டும், ஆகவே அவர்கள் அதை அறிந்து அதன்படி தங்கள் காரியத்தைத் திட்டமிட முடிய வேண்டும். எட்டும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

இப்போது அந்த அறிவித்தலைத் திருத்துவோம். தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுகிறார்கள். அடுத்த வருடத்திலிருந்துதான் அமுல். அளக்கும் முறை படத்தோடு இருக்கிறது. எல்லாப் பரிசோதகர்களும் ஒரே மாதிரி நடக்கிறார்கள், நீதிமன்றமும் திறந்திருக்கிறது. ஆனால் அனுமதிப்பத்திரம் ஒரு குறிப்பிட்ட திகதிக்கு முன் படகைப் பதிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும். அந்தத் திகதிக்கு முன் பதிந்திருந்தவர்கள் ஒரே ஒரு கிராமத்தார்தான். மற்றக் கிராமங்கள் கடலை இழக்கின்றன.

இந்த இடத்தில் வடிவம்சார் பார்வை, "சட்டம் அநீதியானது. ஆனால் சட்டவாட்சி மீறப்படவில்லை" என்று சொல்லும். உள்ளடக்கம்சார் பார்வை, "ஒரு கூட்டத்தாரின் வாழ்வுரிமையைப் பறிக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு சட்டவாட்சி நடக்கிறது என்று சொல்ல முடியாது" என்று மறுக்கும். சண்டை இவ்வளவுதான். சட்டம் கெட்டது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. அந்தக் கெடுதியைச் சட்டவாட்சி என்ற அளவுகோலால் அளக்கலாமா என்பதில்தான் வேறுபாடு. உங்கள் அறிமுகப் பந்தி இதைச் சொல்லிவிட வேண்டும். முழுக் கோட்பாட்டு வரைபடமும் வேண்டுமென்றால் போல் கிரெய்க் 1997இல் எழுதிய கட்டுரை அதைத் தருகிறது. அதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டு நகருங்கள்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "அண்ணா, அப்ப ராஸ் மனித உரிமை வேண்டாம் எண்டா சொல்லுறார்?"

"இல்லத் தங்கச்சி. மனித உரிமை வேணும், ஆனா அதுக்குச் சட்டவாட்சி எண்டு பேர் வைக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறார்."

இந்த வித்தியாசத்தைப் பிடிக்காத ஒப்படைகள் ராஸை ஈவிரக்கம் இல்லாத ஆளாக்கி அடித்து விழுத்துகின்றன. அவருடைய காரணம் வலுவானது. சட்டவாட்சி என்றால் நல்ல சட்டத்தின் ஆட்சி என்று வைத்தால், அதை விளக்க ஒரு முழுச் சமூகத் தத்துவத்தையே சொல்ல வேண்டிவரும். பிறகு அந்தச் சொல்லுக்குத் தனியாக எந்த வேலையும் மிஞ்சாது. அவர் சட்டவாட்சியைக் கத்தியின் கூர்மையோடு ஒப்பிடுகிறார். கூர்மை கத்திக்கு நல்ல குணம், ஆனால் எதை வெட்டுவது என்பதைக் கூர்மை தீர்மானிப்பதில்லை. மனித உரிமையை மறுக்கும் ஒரு ஆட்சி, மேற்கத்தேய ஜனநாயகம் ஒன்றைவிடவும் சட்டவாட்சிக்குக் கூடுதலாக இணங்கி நடக்கக்கூடும் என்பதை அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆகவே அதை அவருடைய பலவீனமாக நீங்கள் "கண்டுபிடித்து"க் காட்டினால் புள்ளி விழாது.

உதாரணம் இரண்டு பார்வைகளையும் பிரிக்கிறதா என்று பாருங்கள்

அதிகம் பேர் தவறவிடும் இடம் இது. விவாதத்துக்கு உதாரணம் எடுக்கும்போது, இரண்டு பார்வைகளும் வெவ்வேறு விடை தருகிற உதாரணமாக எடுக்க வேண்டும். நாசி ஆட்சி வடிவம்சார் பார்வையைத் தோற்கடிக்கிறது என்று எழுதுவார்கள். உண்மையில் அந்த ஆட்சி வடிவத் தேர்விலேயே தோற்றுப்போனது. 1934 யூன் இறுதியில் ஹிட்லர் தன் சொந்த ஆட்களையே கொல்லச் செய்துவிட்டு, யூலை 3ஆம் திகதி ஒரு சட்டம் போட்டு அந்தக் கொலைகளைச் சட்டபூர்வமாக்கினார். நடந்ததற்குப் பின்னால் போய் ஒட்டும் சட்டம் இது. ராஸும் இதை நிராகரிப்பார், உள்ளடக்கம்சார் பார்வையின் முக்கிய குரலான டுவோர்கினும் நிராகரிப்பார். இரண்டு பேரும் ஒரே விடை சொல்லும் உதாரணத்தை வைத்து யார் சரி என்று எப்படித் தீர்ப்பது?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் உதாரணத்தை எழுதி, அதன் கீழ் "ராஸ் சொல்வது", "டுவோர்கின் சொல்வது" என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால் உதாரணத்தை மாற்றுங்கள், அல்லது காரணத்தில் வேறுபாடு இருக்கிறதா என்று தேடுங்கள். விடை ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருக்கும் வழக்குகளும் உண்டு. லியனகே அப்படிப்பட்டது.

லியனகே வழக்கு: வடிவம் எவ்வளவு தூரம் போகும்

1962 ஜனவரி 27ஆம் திகதி அரசாங்கத்தைக் கவிழ்க்கும் இராணுவ, பொலிஸ் அதிகாரிகளின் திட்டம் ஒன்று கடைசி நேரத்தில் முறியடிக்கப்பட்டது. சந்தேகநபர்கள் பிடிபட்ட பிறகு, அவர்களின் பெயர்களோடு அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கையும் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் பாராளுமன்றம் 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியல் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்தச் சட்டத்தை ஒப்படையில் "அநீதியான சட்டம்" என்று ஒரு சொல்லில் கடந்து போகாதீர்கள், அது என்ன செய்தது என்று காட்டுங்கள். தண்டனைச் சட்டக்கோவையில் அரசுக்கு எதிரான குற்றத்தை விரித்து, அதைச் சதி நாளுக்கும் முன்னால் கொண்டுபோய் அமுலாக்கியது. ஏற்கெனவே தடுத்து வைத்திருந்ததைப் பின்னால் வந்து சட்டபூர்வமாக்கியது. யூரர் இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்க வழி செய்தது, அந்த மூவரைப் பெயர் குறித்து நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. சாட்சிய விதிகளை வழக்குத்தொடுநருக்குச் சாதகமாகத் தளர்த்தியது. குற்றவாளி என்று கண்டால் ஆகக் குறைந்தது 10 வருடச் சிறை, சொத்து முழுவதும் பறிமுதல். இதெல்லாம் ஜனவரி 27ஐ ஒட்டிய குற்றங்களுக்கு மட்டும். அந்த வழக்கு முடிந்ததும் விசேட ஏற்பாடுகளும் முடிந்துவிடும்.

அமைச்சர் தெரிந்தெடுத்த மூன்று நீதிபதிகளும் தங்கள் நியமனமே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மிகச் சிறந்த பகுதி இதுதான், ஒப்படையில் ஒரு வாக்கியமாவது இதற்கு ஒதுக்குங்கள். அதன்பின் நியமிக்கும் அதிகாரம் பிரதம நீதியரசரிடம் மாற்றப்பட்டது. இறுதியில் 24 எதிரிகளில் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, கட்டாயத் தண்டனையான 10 வருடச் சிறையைப் பெற்றார்கள். வழக்கு, அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த, இலண்டனில் உள்ள கோமறைக் கழகத்துக்குப் போனது. 1965 டிசம்பரில் அது 11 பேரையும் விடுவித்தது.

இப்போது தீர்ப்பின் காரணத்துக்கு வருவோம். எதிரிகள் தரப்பு இரண்டு முக்கிய வாதங்களை வைத்தது. முதலாவது, நீதியின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு மாறாகச் சட்டம் ஆக்க இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது. இரண்டாவது, நீதித்துறை அதிகாரம் நீதிபதிகளுக்கு உரியது என்றும், பாராளுமன்றம் சட்டம் என்ற பெயரில் அந்த அதிகாரத்தையே கையில் எடுத்துவிட்டது என்றும் சொன்னது. கோமறைக் கழகம் முதலாவதை ஏற்கவில்லை. சுதந்திரம் பெற்ற நாட்டின் பாராளுமன்றத்துக்கு அப்படியொரு வரம்பு இல்லை என்றது. இரண்டாவதை ஏற்றது. நீதித்துறை அதிகாரம் நீதிபதிகளுக்கே என்று அரசியலமைப்பில் ஒரு வசனம்கூட இல்லாவிட்டாலும், நீதிபதிகளின் நியமனம், பதவிக்காலம், நீதிச்சேவை ஆணைக்குழு பற்றிய ஏற்பாடுகள் அந்த எண்ணத்தைக் காட்டுகின்றன என்றது. இந்தச் சட்டம் முன்பே பெயர் தெரிந்த, சிறையில் காத்திருந்த ஆட்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. ஆகவே அது தீர்ப்பெழுதும் வேலையில் கைவைக்கிறது.

இதை இரண்டு பார்வைகளின் முன்னும் வைத்துப் பாருங்கள். ராஸுக்கும் புல்லருக்கும் இது எளிது. பின்னோக்கிப் பாய்கிறது, பொதுவான விதியாக இல்லாமல் ஆளுக்கென்று அளந்து தைத்திருக்கிறது, நீதிபதியின் சுயாதீனத்தைத் தொடுகிறது. மனித உரிமை என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் இந்தச் சட்டத்தைக் கண்டிக்க வடிவம் போதும். வடிவம்சார் பார்வை வெறும் சடங்கு என்று எழுதுபவருக்கு இந்த வழக்கு நேரடிப் பதில். 11 பேர் வீட்டுக்குப் போனது அந்தச் "சடங்கினால்"தான். உள்ளடக்கம்சார் பார்வையும் அதே முடிவுக்குத்தான் வரும், ஆனால் அது நம்பியிருக்கும் வாதம், அதாவது அடிப்படை நீதி என்ற வாதம், அதே நீதிமன்றத்தில் தோற்றுப்போனது. முடிவு ஒன்று, காரணம் இரண்டு என்று சொன்னேனே, அது இங்கே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "கோமறைக் கழகம் ராஸின் பக்கம் நின்றது" என்று எழுதிவிடாதீர்கள். ராஸின் கட்டுரை 12 வருடம் கழித்துத்தான் வந்தது. தவிர, குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைக்கும் எல்லாச் சட்டமும் செல்லாது என்றும் தீர்ப்பு சொல்லவில்லை. இந்தச் சட்டத்தின் அம்சங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்ததால்தான் செல்லாது என்றது. தீர்ப்பு அதிகார வேறாக்கம் பற்றியது. அதை வடிவம்சார் பார்வையோடு பொருத்திக் காட்டுவது உங்கள் வாதம், அதை உங்கள் வாதம் என்று சொல்லியே எழுதுங்கள்.

கொடக்கன்பிள்ளை வழக்கு: வடிவம் நிற்கும் இடம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எந்தச் சமூகத்தையும் சுட்டவில்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசை என்று கணிக்கப்பட, அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அடுத்த வருடம் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைக்கு மட்டுமே வாக்கு என்றானது. 1947 தேர்தலில் வாக்களித்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் அடுத்த இடாப்பில் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே தேடுவது? இந்த மாவட்டத்திலும், வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து இறங்கி வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வழக்கை எடுத்தால் கோபத்தோடுதான் எழுதுகிறார்கள். எழுதட்டும். கோபத்தோடு கீழே வரும் நிதானமான சோதனையையும் சேர்த்தால் யாரும் அசைக்க முடியாத ஒப்படையாகும்.

கொடக்கன்பிள்ளை தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டவர். அவருக்கு ஒரு நல்ல ஆயுதமும் இருந்தது. அப்போதைய அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தகுதியீனத்தை ஒரு சமூகத்தவர் மீது சுமத்தும் சட்டத்தைத் தடுத்தது. 1953இல் கோமறைக் கழகம் அவருடைய வாதத்தை நிராகரித்தது. யார் பிரசை என்று வரையறுப்பது ஒரு சட்டவாக்க சபையின் இயல்பான வேலை, இந்தச் சட்டம் ஒரு சமூகத்தைச் சமூகம் என்ற வகையில் தொடவில்லை என்றது.

இப்போது பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், விரைவாக அல்ல. வெளியிடப்பட்டதா? ஆம். தெளிவா? மிகத் தெளிவு, ஒரு எழுதுநர்கூட அமுல்படுத்தலாம். பொதுவானதா? எழுத்தில் ஆம். பின்னோக்கியதா? இதில் சற்று நில்லுங்கள். பழைய உண்மைகளை வைத்து இன்றைய தகுதியைத் தீர்மானிக்கிறது. ஆனால் 1947இல் போட்ட வாக்கைச் செல்லாததாக்கவில்லை, அன்று செய்ததைக் குற்றமாக்கவும் இல்லை. ஆகவே கண்டிப்பான பொருளில் பின்னோக்கியது அல்ல. நீதிமன்றம் திறந்திருந்ததா? இலண்டன் வரைக்கும் திறந்திருந்தது. சட்டம் வடிவத் தேர்வில் சித்தியடைகிறது. இங்கே "ராஸ் சொல்வது", "டுவோர்கின் சொல்வது" என்ற இரண்டு வரியும் இரண்டாகப் பிரியும்.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே புல்லரைக் கொண்டுவரலாம். அவருடைய எட்டில் ஒன்று, முடியாததைக் கேட்காதே என்பது. தன் பூட்டன் எங்கே பிறந்தார் என்பதை யாரால் மாற்ற முடியும்? வாதம் கவர்ச்சியானது, ஆனால் கவனமாக எடுங்கள். புல்லர் பேசுவது ஒரு நடத்தையைக் கட்டளையிடும் விதியைப் பற்றி. பிரசாவுரிமை விதி யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை, ஒரு நிலையைக் கொடுக்கிறது அல்லது மறுக்கிறது. நான் இதை இப்படித் திருப்பி எழுதச் சொல்வேன்: வடிவம்சார் பார்வை முழுவதும் நடத்தைக்கு வழிகாட்டுவதில் நிற்கிறது. பிறப்பாலும் வம்சத்தாலும் ஆளைப் பிரிக்கும் சட்டம் நடத்தைக்கு வழிகாட்டுவதே இல்லை. ஆகவே பட்டியல் அப்படியான சட்டத்தை மன்னிக்கிறது என்பதைவிட, அதைப் பார்க்கவே இல்லை என்பதே சரி. பட்டியலுக்குள்ளேயே நின்று சொல்லும் விமர்சனம் இது. வெளியிலிருந்து "அநீதி" என்று கூவுவதைவிட ஆழமாகப் போகும்.

உள்ளடக்கம்சார் தரப்புக்கு இன்னொரு வலுவான வாதம் இருக்கிறது. 2003இல் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, இந்திய வம்சாவழியினரில் மீதமிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வடிவத்தில் ஒரே தரம்: இரண்டும் தெளிவு, இரண்டும் பகிரங்கம், இரண்டும் முறைப்படி நிறைவேறியவை. ஒன்று இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது, மற்றது அதை நேர்செய்தது. சட்டவாட்சி என்ற அளவுகோலால் இந்த இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் காண முடியாதென்றால் அந்த அளவுகோல் எதற்கு?

எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல இடம் கொடுங்கள்

இவ்வளவோடு நிறுத்தினால் உள்ளடக்கம்சார் பார்வை வென்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் 29(2)ஐ மறந்துவிடாதீர்கள். அது உள்ளடக்கம்சார்ந்த பாதுகாப்புத்தான். சமூகங்களுக்கிடையே பாகுபாடு கூடாது என்று எழுத்திலேயே இருந்தது. இருந்தும் கொடக்கன்பிள்ளை தோற்றார். உள்ளடக்கத்தை அரசியலமைப்பில் எழுதி வைத்தாலும், அதை வாசிக்கும் நீதிபதி சட்டத்தின் முகத்தை மட்டும் பார்த்தால் அது வேலை செய்யாது. டுவோர்கின் விரும்புவது விதிப்புத்தகத்தைத் தாண்டி உரிமைகளைத் தேடும் நீதிபதியை. அந்த நீதிபதி 1953இல் இல்லை. ராஸின் தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும்: சொல்லை அகலப்படுத்துவதால் பாதுகாப்பு வந்துவிடாது, நீதிமன்றத்தின் கையில் அரசியல் தீர்ப்புத்தான் கூடுகிறது.

அப்போ நீங்கள் எந்தப் பக்கம்? ஒப்படைக்கு ஒரு நிலைப்பாடு வேண்டும். நான் ராஸின் பக்கம் சாய்கிறேன். காரணம் 1948தான். அந்த அநீதி சட்டத்தை மீறி நடக்கவில்லை, கச்சிதமான சட்டத்தால் நடந்தது. அதைச் "சட்டவாட்சி மீறல்" என்று சொன்னால், எப்படி நடந்தது என்ற உண்மை மறைந்துபோகிறது. ஆனால் இந்தப் பக்கம் நிற்பவர் ஒரு விலை கொடுக்க வேண்டும். ஒரு அரசு "எங்கள் நாட்டில் சட்டவாட்சி இருக்கிறது" என்று சொன்னால் அதைப் பாராட்டாக ஏற்க முடியாது, சான்றிதழாகக் காட்டவும் விடக்கூடாது. கூர்மையான கத்தி இருக்கிறது என்ற தகவல் மட்டுமே அது. ராஸை ஏற்றுக்கொண்டு, முடிவுரையில் சட்டவாட்சியை நாட்டின் உயரிய விழுமியம் என்று புகழும் ஒப்படைகளை நிறையப் பார்க்கிறேன். அவை தங்கள் வாதத்தைத் தாங்களே வெட்டுகின்றன. மனித உரிமைகளையும் சட்டவாட்சிக்குள் சேர்க்கும் பிங்ஹமின் பக்கம் நீங்கள் நின்றால் கொடுக்க வேண்டிய விலை வேறு. எந்த உரிமைகள் உள்ளே, எவை வெளியே, யார் அந்தக் கோட்டைப் போடுவது என்று சொல்லியாக வேண்டும்.

பந்தி எழுதுவது எப்படி

ஒப்படைகளில் அடிக்கடி வரும் மாதிரிப் பந்தி இது:

"புல்லர் சட்டத்தின் உள்ளார்ந்த ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியதால் அவர் உள்ளடக்கம்சார் கோட்பாட்டாளர் ஆவார். அவரது எட்டு அம்சங்களும் நீதியை உறுதிப்படுத்துகின்றன. லியனகே வழக்கு இதற்குச் சிறந்த உதாரணமாகும்."

மூன்று வாக்கியத்திலும் மூன்று சிக்கல். ஒழுக்கம் என்ற சொல்லைப் பார்த்துப் புல்லரை மற்றப் பக்கம் தள்ளியாயிற்று. அவருடைய எட்டும் சட்டம் எப்படி ஆக்கப்பட்டு நடைமுறையாகிறது என்பதைத்தான் சொல்கின்றன, என்ன சொல்ல வேண்டும் என்பதை அல்ல. அவை ஒழுக்கமா வெறும் செயற்றிறனா என்பது சட்டவியலாளர் ஹார்ட்டோடு அவருக்கிருந்த தனிச் சண்டை. நஞ்சூட்டும் தொழிலுக்கும் செயற்றிறன் விதிகள் உண்டு, அதனால் அது ஒழுக்கமாகிவிடுமா என்று ஹார்ட் கேட்டார். இரண்டாம் வாக்கியம் நிறுவ வேண்டியதை நிறுவாமல் அறிவிக்கிறது. மூன்றாவது, வழக்கின் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறது.

அதே இடத்தை இப்படி எழுதலாம்:

"1962ஆம் ஆண்டுச் சட்டம் புல்லரின் தேவைகளில் ஆகக் குறைந்தது இரண்டை மீறியது: ஏற்கெனவே நடந்ததைப் பிடித்தது, பெயர் தெரிந்த சிலருக்கென்றே செய்யப்பட்டது. இந்த இரண்டு குறைகளையும் கண்டுகொள்ள, எதிரிகளுக்கு எந்த அடிப்படை உரிமை இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்குக் கிட்டிய வாதத்தைக் கோமறைக் கழகம் ஏற்கவும் இல்லை. ஆகவே வடிவம்சார் தேவைகள் அநீதியின் முன் ஊமை என்ற விமர்சனம், இவ்வளவு அகலமாகச் சொல்லப்படும்போது, தவறு."

கடைசி வாக்கியத்தில் உள்ள "இவ்வளவு அகலமாகச் சொல்லப்படும்போது" என்ற சொற்கள் வேண்டுமென்றே வைத்தவை. அடுத்த பந்தியில் கொடக்கன்பிள்ளை வந்து அந்த விமர்சனத்தைக் குறுகலாக்கி, சரியான வடிவில் திருப்பிக் கொண்டுவருவார். பந்திகள் இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போனால் வாசிப்பவருக்கு விவாதம் நடப்பது தெரியும்.

2,500 சொல் ஒப்படை என்றால் அறிமுகத்துக்கும் ராஸின் நியாயத்துக்கும் சேர்த்து 700 சொல், லியனகேக்கு 500, கொடக்கன்பிள்ளைக்கு 700, மீதி எதிர்வாதத்துக்கும் உங்கள் நிலைப்பாட்டுக்கும். இரண்டாம் வழக்குக்குக் கூடுதல் இடம் வேண்டும், பார்வைகள் உண்மையில் பிரிவது அங்கேதான். ஒரு மணித்தியாலப் பரீட்சை என்றால் டைசியை முழுக்க விட்டுவிடுங்கள், நட்டமில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தொட விரும்பினால் ஒரு பந்தி போதும். 13(6)ஆம் உறுப்புரை பின்னோக்கிய குற்றவியல் சட்டத்தைத் தடுக்கிறது, 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதியளிக்கிறது. தாளில் வடிவமும் உள்ளடக்கமும் இரண்டுமே முன்னரைவிடக் கூடியிருக்கின்றன. ஆனால் 80(3)இன் கீழ், சபாநாயகர் சான்றுரை இட்டுச் சட்டமாகிவிட்ட ஒன்றின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். லியனகே வழக்கில் நடந்தது போல, வழக்கு முடிந்த பிறகு மேன்முறையீட்டில் சட்டத்தையே செல்லாது என்று சொல்வதற்கு இன்று வழியில்லை. இந்தப் பந்தியை முடிவுரைக்குள் தள்ளாமல் எதிர்வாதப் பகுதியில், 29(2) பற்றிச் சொன்ன உடனே வையுங்கள். உரிமை எழுத்தில் இருப்பதும் அதைக் கேட்க வாசல் திறந்திருப்பதும் வேறுவேறு என்ற வாதத்துக்கு அங்கேதான் அது கைகொடுக்கும்.